திரையில் வராத கழிவுக்குத் தமிழில் என்ன சொல்?

கூத்தாநல்லூர்:
வணக்கம். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புவோருக்கான துண்டறிக்கை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. செயலி காட்டுபவை நான்கு: அனுப்பும் தொகை, கட்டணம், மாற்று விகிதம், ஊரில் கிடைக்கும் தொகை. இவற்றுக்குச் சொல் இருக்கிறது. வங்கிகளுக்கிடையே வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் இருப்பதை நடுச்சந்தை விகிதம் என்று வைத்துக்கொண்டேன். செயலி அதைவிடக் குறைத்துத்தான் தருகிறது. அந்தக் குறைவை மார்க்கப் என்கிறார்கள். தமிழில்?

மன்னார்குடி:
கட்டணம் என்றே போடலாமே. ‘கட்டணம் இல்லை’ என்று போட்டிருக்கும் செயலியில் பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை.

திருவாரூர்:
அங்கேதான் பிடிக்கிறார்கள், ஐயா. நடுச்சந்தை விகிதம் ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு 65 ரூபாய் என்று வையுங்கள். முதல் செயலியில் கட்டணம் இல்லை, விகிதம் 64.20. ஆயிரம் வெள்ளிக்கு வீட்டில் கிடைப்பது 64,200. இரண்டாவதில் கட்டணம் 6 வெள்ளி, விகிதம் 65. மிச்சம் 994 வெள்ளிக்கு 64,610. கட்டணம் கேட்ட செயலியில்தான் 410 ரூபாய் கூடுதல். முதலாவது விகிதத்துக்குள் 800 ரூபாய் எடுத்துக்கொண்டது, ரசீதில் அது ஒரு வரியாகக்கூட வராது. அப்புறம், ‘மேலேற்றம்’ என்று யாரும் பெயர்த்துவிடாதீர்கள். அனுப்புகிறவர் பார்ப்பது இறங்கிய எண்ணை.

கும்பகோணம்:
புதிதாக எதற்கு? காசு மாற்றுவோர் பிடிக்கும் கழிவுக்கு ‘வட்டம்’ என்று பெயர் இருந்தது. வட்டியோடு சேர்த்துப் பார்க்கலாம். வடக்கே இதே கழிவுக்கு வழங்கும் ‘பட்டா’ என்ற சொல்லிலிருந்து வந்தது என்பாரும் உண்டு, நான் ஏற்கவில்லை. ‘மாற்று’ என்பதே பொன்னின் தரத்தைக் குறிப்பது, பத்தரை மாற்றுத் தங்கம் என்கிறோம். ஆக, ‘மாற்று வட்டம்’.

அதிராம்பட்டினம்:
என் மகன் இரவு பார்த்த விகிதம் காலையில் பணம் அனுப்பும்போது குறைந்திருந்தது. இந்த வட்டம் அதுதானா?

திருவாரூர்:
இல்லை அண்ணே, அது சந்தை நகர்ந்தது. சில செயலிகள் பார்த்த விகிதத்தைக் கொஞ்ச நேரத்துக்கு உறுதி செய்து வைக்கும். சில, பணம் தங்கள் கணக்குக்கு வந்து சேர்ந்த பிறகுதான் விகிதத்தை முடிவு செய்யும். நாம் பேசும் கழிவைப் பார்க்க வேண்டுமானால், அதே நிமிடம் நடுச்சந்தை விகிதத்தையும் எடுத்து ஒப்பிட வேண்டும்.

மயிலாடுதுறை:
வட்டம் என்றால் என் மாணவர்கள் ஆரத்தைக் கேட்பார்கள். நகைக்கடைச் சேதாரம் எல்லோருக்கும் தெரியும். ‘மாற்றுச் சேதாரம்’ என்போம்.

கும்பகோணம்:
சேதாரத்தில் பொன் தேய்கிறது என்றாவது சாக்குச் சொல்வார்கள். இங்கே எது தேய்கிறது?

கூத்தாநல்லூர்:
நேரமில்லை. ‘விகிதப் பிடித்தம்’ என்பதற்கு மூவர் சரி என்று தனிமடலில் எழுதியிருக்கிறார்கள், அதையே போடுகிறேன். பக்கத்திலேயே ‘கட்டணத்தைப் பார்க்காதீர்கள், ஊரில் கிடைக்கும் தொகையை இரண்டு செயலிகளில் ஒரே நேரத்தில் பாருங்கள்’ என்ற வரியும் வரும்.

கும்பகோணம்:
சம்பளப் பிடித்தம் சீட்டில் எழுதியிருக்கும். இது எழுதாமல் எடுப்பது. இரண்டுக்கும் ஒரே சொல்லா? நான் ஒப்பவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள்.