புதுப்பிப்பு: இரங்கல் தீர்மானம் கொடுத்தாகிவிட்டது

நான் கேட்டிருந்தது: "எங்கள் சங்கத்தின் முன்னாள் பொருளாளர் காலமாகிவிட்டார், செயலவை சார்பில் குடும்பத்துக்கு இரங்கல் தீர்மானம் எப்படி எழுதுவது?"

உதவிய எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. பதினாறாம் நாளுக்குள் கொடுக்க வேண்டியிருந்ததால், செயலவையில் ஒன்பது பேரில் ஆறு பேர் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் கூடினோம். முன்மொழிபவர், வழிமொழிபவர் கட்டாயம் என்று ஒரு நண்பர் சொன்னார், மற்ற தீர்மானங்களுக்கு அது சரிதான். ஆனால் இரங்கலைத் தலைவரே முன்வைப்பார், எல்லாரும் எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நின்றாலே நிறைவேறியதாகும் என்று ஓய்வுபெற்ற செயலாளர் ஐயா சொன்னாரே, அப்படியே செய்தோம். பத்திரிகைக் கண்ணீர் அஞ்சலிக்குக் கட்டணம் சொன்ன அக்காவுக்கும் நன்றி, நான் கேட்டது அதுவல்ல.

ஐயா சொன்னபடி புகழ்மொழியைக் குறைத்து, அவர் செய்ததை எழுதினோம்: "பதினோரு ஆண்டுகள் பொருளாளராக இருந்து, பால்மரம் வெட்டி முடித்த கையோடு வீடு வீடாகச் சந்தா வாங்கிய அன்னாரின் மறைவுக்கு இச்செயலவை ஆழ்ந்த இரங்கலைத் தெரிவிக்கிறது." தேதி, தலைவர், செயலாளர் கையொப்பம், சங்க முத்திரை. மினிட் புத்தகத்திலும் அதே வாசகம்.

எதிர்பாராதது: எங்களுக்குத் தெரிந்தது கூப்பிடும் பெயர்தான், ஐசியில் வேறு. மகளிடம் கேட்டு இரண்டையும் போட்டோம். பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராது என்று மலாயிலும் ஒரு பிரதி கேட்டார்கள், மறுநாள் கொடுத்தோம். அந்த வீட்டு அம்மா தமிழ்ப் பிரதியை விபூதித் தட்டுக்குப் பக்கத்தில், படத்தின் கீழே வைத்தார்.

ஆண்டுக் கூட்டத்தில் மறுபடி வாசிக்க வேண்டுமா என்பதில் மட்டும் செயலவை இன்னும் இரண்டுபட்டு நிற்கிறது.