ஒன்பதாம் இடத்து <

கல்லடி கடைக்காரன்
கல்லடியில கொம்யூனிகேஷன் வச்சிருக்கன். போன கிழமை ஒரு பொடியன் வாட்ஸ்அப்பில அனுப்பின பாஸ்போர்ட் படத்தைப் பார்த்து, அடியில இருக்கிற ரெண்டு வரியையும் ஏஜென்சி போர்மில அடிச்சன். மூண்டு தரமும் இரண்டாம் வரி பிழை எண்டு திருப்பிட்டுது. இலக்கம் எல்லாம் சரி. படத்தில இருந்ததும் நான் அடிச்சதும் (எண்களை மாத்தியிருக்கன்):

```
N1234567<7LKA
N12345677LKA
```

ஒரு < தானே எண்டு விட்டுட்டன். ஆருக்கும் இப்படி நடந்திருக்கா?

அக்கரைப்பற்று ரியாஸ்
அது சும்மா இடம் நிரப்புறது நானா. கணக்குல அதுக்குப் பெறுமதி பூச்சியம். ஸ்பேஸ் ஒண்டு போட்டா சரிவரும்.

பழைய டிக்கெட் மேசை
பூச்சியம் எண்டது சரி தம்பி, ஸ்பேஸ் பிழை. அந்த வரியில A-Z, 0-9, < தவிர வேறொண்டும் வராது.

பாஸ்போர்ட் இலக்கத்துக்கு 9 இடம். N உம் ஏழு இலக்கமும் சேர்ந்து 8. மிச்ச இடத்துக்குத்தான் <. பத்தாவதில நிக்கிறது சரிபார்க்கிற எண். N க்குப் பெறுமதி 23. ஒவ்வொண்டையும் 7, 3, 1 எண்டு மாறி மாறிப் பெருக்கிக் கூட்டினா 267, கடைசி இலக்கம் 7. < ஐ விட்டா அந்த 7 இலக்கத்தோட ஒட்டிக்கொள்ளும், பத்தாவதில L வந்து நிக்கும். பிறகு வாறதெல்லாம் ஓரிடம் இடப்பக்கம் தள்ளிப் போகும். வரிக்கு 44 எண்டு எண்ணியிருந்தா 43 எண்டு அப்பவே தெரிஞ்சிருக்கும்.

செங்கலடி
என்ட அடையாள அட்டையில அப்படி வரியே இல்லையே? 9 இலக்கமும் V உம் மட்டும்தான்.

கல்லடி கடைக்காரன்
அண்ணன், உங்கட பழைய லேமினேட் அட்டை. இது பாஸ்போர்ட் கதை.

கல்முனை அக்கா
எனக்கு முதல் வரிதான் பயம். குடும்பப் பெயருக்கும் மற்றப் பெயருக்கும் நடுவில << வரணும், நான் ஒண்டுதான் போட்டன். ஒண்டும் பிழை காட்டல்ல. முழுப் பெயரும் குடும்பப் பெயர்ப் பெட்டிக்குள்ள விழுந்து கிடந்தது. முதல் வரிக்குச் சரிபார்க்கிற எண்ணே இல்லையாம். இப்ப படத்தைப் பெருசாக்கி, மேல் வரியில ஒவ்வொரு < க்கும் நேர கீழ எந்த எழுத்து எண்டு பார்த்து அடிக்கிறன். ரெண்டு வரியும் எழுத்துக்கு எழுத்து நேராத்தான் நிக்கும்.

பழைய டிக்கெட் மேசை
நல்ல வழி தங்கச்சி. இரண்டாம் வரியையும் முழுசா நம்பாதீங்க. பக்கத்துப் பக்கத்து 27 ஐ 72 எண்டு மாத்தி அடிச்சாலும் அதே சரிபார்க்கிற எண்தான் வரும், ரெண்டுக்கும் வித்தியாசம் 5 எண்டதால. மேல அச்சடிச்ச இலக்கத்தோட ஒருக்கா ஒப்பிட்டுப் பாருங்க.

அக்கரைப்பற்று ரியாஸ்
அப்ப வலப்பக்கம் பிளாஷ் வெளிச்சத்தில அழிஞ்சிருந்தா? முதல் வரியில மிச்சம் < தானே, 44 வரைக்கும் நானே போடலாமா?

பழைய டிக்கெட் மேசை
பெயர் முடிஞ்சு < தொடர்றது கண்ணுக்குத் தெரிஞ்சா போடுவன். தெரியல்லாட்டி வேற படம் கேப்பன்.

கல்முனை அக்கா
நான் எப்பவும் வேற படம்தான். நீண்ட பெயர் ஒண்டு பெயருக்குரிய 39 இடத்தையும் நிரப்பி நிண்டதைக் கண்டிருக்கன், அதில கடைசியில < ஒண்டுமே இல்ல.