மயக்கம் வருமுன் உள்ள நிலைக்கு என்ன பெயர்?

கண்மணி எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். பல் மருத்துவ மாணவர்களுக்காக, சிகிச்சை நாற்காலியில் நேரும் அவசர நிலைகளைப் பற்றித் தமிழில் ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் இயலிலேயே ஒரு சொல் இல்லாமல் மாட்டிக்கொண்டேன். ஆங்கிலத்தில் ‘சிங்கோப்பி’ என்று ஒன்று, அதற்கு முந்தைய நிலைக்கு ‘பிரீசிங்கோப்பி’ என்று இன்னொன்று. நமக்கோ இரண்டும் மயக்கம்தான்.

இது வெறும் சொல் சிக்கல் இல்லை. நான் மாணவியாக இருந்தபோது 24 வயது இளைஞர் ஒருவருக்குக் கீழ்க் கடைவாய்ப்பல்லுக்கு ஊசி போட்டேன். நாற்காலி பாதி நிமிர்ந்திருந்தது. ஒரு நிமிடம் கழித்து அவர் கொட்டாவி விட்டார். இரவு தூங்கவில்லை போலும் என்று நினைத்தேன். மேலுதட்டில் வியர்வை முத்துமுத்தாக நின்றது. “டாக்டர், மயக்கமாக இருக்கிறது” என்றார். “மயக்க ஊசி போட்டிருக்கிறேன் அல்லவா, அப்படித்தான் இருக்கும்” என்றேன்.

அடுத்த சில நொடிகளில் கண் மேலே செருகித் தலை சாய்ந்தது. கைகள் இரண்டு மூன்று முறை வெட்டி இழுத்தன. உதவியாளர் “வலிப்பு!” என்று கத்தி, விழாமல் இருக்க அவரைத் தோளோடு நிமிர்த்திப் பிடித்தார். ஓடி வந்த ஆசிரியர் முதலில் வாயிலிருந்த பஞ்சை எடுத்தார். நாற்காலியைத் தட்டையாக்கிக் கால்களைத் தூக்கினார், முகவாயை உயர்த்தினார். நாடி 44. அரை நிமிடத்துக்குள் இளைஞர் கண்விழித்து, “எங்கே இருக்கிறேன்?” என்றார்.

அவர் ‘மயக்கம்’ என்று சொன்னபோது நான் வேறொரு மயக்கத்தைக் கேட்டேன். ‘முன்மயக்கம்’ என்று எழுதிப் பார்த்தேன், முன்பணம்போல முன்கூட்டியே கொடுத்த மயக்கம் என்று ஒலிக்கிறது. வேறு சொல் சொல்லுங்கள்.

புலவர் அரங்கநாதன் எழுதியது:

இதற்கு ஏன் புதுச் சொல்? சிங்கோப்பி என்பதற்கு நம் இலக்கணத்தில் சொல் இருக்கிறதே, இடைக்குறை. சொல்லின் நடுவில் எழுத்துக் குறைவது. ‘ஓந்தி’ என்பது ‘ஓதி’ என்று வரும். செய்யுளில் வந்தால் குற்றமில்லை.

கண்மணி எழுதியது:

ஐயா, என் நோயாளிக்கு நடுவில் குறைந்தது எழுத்து இல்லை, இரத்தம். சொல் ஒன்றுதான், துறை வேறு.

மருத்துவர் சிவகாமி எழுதியது:

கண்மணி, நீ சொன்ன நிகழ்வை நாற்பது ஆண்டுப் பணியில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பல் நாற்காலியில் மிக அதிகமாக நேரும் அவசர நிலை இதுதான். இளைஞர்களிடம், குறிப்பாகப் பயத்தைக் காட்டிக்கொள்ளாத ஆண்களிடம், நிறைய வரும். ஊசியைக் கண்டு அழுகிற குழந்தை மயங்குவது அரிது.

என்ன நடக்கிறது என்று தெரிந்தால் சொல்லும் தானாக வரும். அச்சத்தில் உடல் ஓடத் தயாராகிறது. தசைகளுக்குப் போகும் இரத்தக்குழாய்கள் விரிகின்றன. ஆனால் மனிதர் ஓடவில்லை, காலை அசைக்காமல் உட்கார்ந்திருக்கிறார். இரத்தம் காலில் தேங்குகிறது. முதலில் இதயம் வேகமாக அடித்து ஈடுகட்டுகிறது. பிறகு வேகஸ் நரம்பு கடிவாளத்தை இழுக்க, நாடி குறைந்து இரத்த அழுத்தம் சட்டென்று விழுகிறது, மூளை பட்டினி கிடக்கிறது. கொட்டாவியும், முகம் வெளிறுவதும், நெற்றி வியர்வையும், குமட்டலும் இந்த இறக்கத்தின் படிகள். கேட்ட கேள்விக்கு விடை தாமதமானால் கடைசிப் படிக்கு வந்தாயிற்று என்று கொள்.

கை இழுத்ததைப் பற்றி: மூளைக்கு இரத்தம் குறைந்தால் வலிப்பு நோய் இல்லாதவருக்கும் சில வெட்டுகள் வரும். உன் உதவியாளர் நிமிர்த்திப் பிடித்தார் இல்லையா, அது அந்தப் பட்டினியை நீட்டியது. விழாமல் காப்பாற்றுவதாக நினைத்து அவர் செய்தது நேர் எதிர்.

சொல்லுக்கு வருகிறேன். ஊசியை ‘மயக்க ஊசி’ என்று அழைப்பதை முதலில் நிறுத்துங்கள். உன் தவறில் பாதி அங்கேதான் பிறந்தது. அந்த இடத்தை மரத்துப்போகச் செய்வதால் ‘மரப்பூசி’ என்று எழுது.

தேவராஜ் எழுதியது:

நான் முதலுதவிப் பயிற்சி பெற்ற தன்னார்வலன். இதற்குத் ‘தலைசுற்றல்’ என்ற எளிய சொல் போதும். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது: தலை சுற்றுகிறது என்றால் குனிந்து முழங்கால்களுக்கு நடுவே தலையை வைக்கச் சொல்ல வேண்டும், பிறகு சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க வேண்டும். தலை இதயத்துக்குக் கீழே வர வேண்டும் என்பதே அடிப்படை.

மருத்துவர் சிவகாமி எழுதியது:

அடிப்படை சரி, தேவராஜ் தம்பி. பேருந்து நிறுத்தத்தில் படுக்க இடமில்லாதபோது குனியவைப்பதில் பொருள் உண்டு. சாயும் நாற்காலி கையில் இருக்கும்போது குனியவைத்தால் வயிறும் மூச்சுவழியும் மடங்குகின்றன. மயங்கினால் முகம் குப்புற விழுவார். தலையை மிகவும் கீழே இறக்கினாலும் குடல் உதரவிதானத்தை அழுத்தி மூச்சைத் தடுக்கும். உடல் தட்டை, கால் கொஞ்சம் உயரம், அது போதும். நினைவு முழுதாகத் திரும்பும் வரை வாயில் ஒரு சொட்டுத் தண்ணீரும் கூடாது, மூச்சுக்குழலில் இறங்கிவிடும்.

தலைசுற்றல் என்ற சொல்லும் சரிவராது. அறை சுற்றுவது காதுக் கோளாறின் குறி. இவருக்கு அறை சுற்றுவதில்லை, மங்குகிறது.

யாழினி எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். சிவகாமி அம்மா சொன்ன முதற் குழப்பம் எங்களுக்கு இல்லை; நாங்கள் அதை விறைப்பு ஊசி என்போம். விறைப்பதும் மயங்குவதும் கலக்காது. இரண்டாவதற்கு, நோயாளர்கள் தாங்களாகவே சொல்வது ‘கண் இருட்டிக்கொண்டு வருகிறது’. அதையே ‘கண்ணிருட்டு’ என்று கலைச்சொல் ஆக்கினால் என்ன? மக்கள் வாயில் ஏற்கெனவே இருக்கிறதே.

முருகேசன் எழுதியது:

நான் கணினித் துறையில் இருப்பவன், குறுக்கே பேசுவதற்கு மன்னியுங்கள். என் அம்மாவுக்கு நீரிழிவு. பல் பிடுங்கப் போகும் அன்று இன்சுலின் போட்டுக்கொண்டார். சிகிச்சைக்கு முன் சாப்பிடக் கூடாது என்று யாரோ சொன்னதை நம்பி இட்லியைத் தொடவில்லை. இரண்டு மணி நேரம் காத்திருந்தார். நாற்காலியில் வியர்த்துக் கொட்டியது, மயக்கம் என்றார். படுக்கவைத்தார்கள், காலைத் தூக்கினார்கள். தெளியவில்லை. கை நடுங்கியது, என்னை என் மாமா பெயர் சொல்லிக் கூப்பிட்டார். விரலில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை 48. குளுக்கோஸ் கொடுத்த பிறகுதான் மீண்டார். தேவராஜ் சொன்ன சர்க்கரைத் தண்ணீர் எங்கள் விஷயத்தில் சரிதானே? உங்கள் புதுச்சொல் என் அம்மாவுக்கும் பொருந்துமா?

மருத்துவர் சிவகாமி எழுதியது:

முருகேசன், நீங்கள் குறுக்கே பேசவில்லை. மாணவர்கள் தடுமாறும் இடம் இதுவே. வியர்வையும் வெளிறலும் இரண்டிலும் உண்டு. அச்சத்தால் வருவது படுக்கவைத்ததும் திரும்பும்; பெரும்பாலும் நொடிக்கணக்கில், அதிகம் போனால் ஓரிரு நிமிடத்தில். நாடி மெதுவாக இருக்கும். சர்க்கரை குறைந்தவருக்கு நாடி வேகம், நடுக்கம், பேச்சில் குழப்பம், படுக்கவைத்தாலும் மாறாது. ஆகவே படுக்கவைப்பதே சிகிச்சை, அதுவே சோதனையும். தெளியாவிட்டால் ‘வெறும் மயக்கம்தான்’ என்ற எண்ணத்தைக் கைவிட்டு உதவிக்கு ஆள் அழைக்க வேண்டும், சர்க்கரையைப் பார்க்க வேண்டும்.

உங்கள் அம்மா விழித்திருந்து விழுங்க முடிந்தது, அதனால் வாய்வழி குளுக்கோஸ் சரி. 15 முதல் 20 கிராம் கொடுத்து, கால் மணி நேரத்தில் மறுபடி பார்ப்போம். நினைவில்லாதவருக்கு அதையே வாயில் ஊற்றியிருந்தால் ஆபத்து. அவருக்குச் சிரை வழியாக டெக்ஸ்ட்ரோஸ் அல்லது தசையில் குளுக்ககான் ஊசி. மூச்சே இல்லை, நாடியும் இல்லை என்றால் இந்தப் பேச்சு எதுவும் இல்லை. 10 நொடிக்கு மேல் தேடிக்கொண்டிராமல் மார்பை அழுத்தத் தொடங்க வேண்டும், முப்பது அழுத்தலுக்கு இரண்டு மூச்சு. நாற்காலியின் முதுகுப்பகுதி ஆடினால் அதன் அடியில் ஒரு ஸ்டூலை முட்டுக்கொடு.

உங்கள் அம்மாவுக்கும் சொல் பொருந்துமா? என் விருப்பம், பொருந்தட்டும். சொல் நிலையைக் குறிக்க வேண்டும், காரணத்தை அல்ல. காரணம் அப்போது யாருக்கும் தெரியாது.

கண்மணி எழுதியது:

இங்கே சிவகாமி அம்மாவுடன் ஒத்துப்போக முடியவில்லை. காரணம் கலந்தால் மாணவர் எல்லாரையும் படுக்கவைத்துவிட்டுக் காத்திருப்பார். இதய நோயால் மூச்சுத் திணறுபவரைத் தட்டையாகப் படுக்கவைத்தால் திணறல் கூடும், அவர் நிமிர்ந்தே இருக்க வேண்டும்.

யாழினியின் ‘கண்ணிருட்டு’ அழகாக இருக்கிறது, ஆனால் அது நோயாளி உணர்வது. நான் பார்க்கக்கூடியது கொட்டாவி, வியர்வை, வெளிறல். பலர் கண் இருட்டுவதைச் சொல்வதற்குள் போய்விடுகிறார்கள்.

இன்னொன்று, எழுதும்போதுதான் உறைத்தது. ஆங்கிலச் சொல்லை உதவியாளரிடம் சொன்னால் நோயாளிக்குப் புரியாது. தமிழில் சொன்னால் நாற்காலியில் இருப்பவர் கேட்டு இன்னும் பயப்படுவார், பயம்தான் அவரைத் தள்ளிக்கொண்டிருப்பதே. புரிகிற சொல் வேண்டும் என்று இதுநாள் வரை வாதாடியவள் நான்.

புலவர் அரங்கநாதன் எழுதியது:

இடைக்குறையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மயங்குதல் என்றால் இலக்கணத்தில் கலத்தல். ஒன்றோடொன்று கலந்து பிரித்தறிய முடியாமல் நிற்பது. திணைமயக்கம், வேற்றுமை மயக்கம் எல்லாம் அப்படி வந்தவை. உங்கள் சொல்லுக்கு நேர்ந்ததும் அதுவே.

ஒரு செயல் நிகழப்போகும் விளிம்புக்குத் ‘தறுவாய்’ என்கிறோம். கிளம்பும் தறுவாய், சாகும் தறுவாய். வினைத்தொகையாக ‘மயங்குதறுவாய்’ என்று வைக்கலாம். இன்னும் மயங்கவில்லை என்பதும், விட்டால் மயங்குவார் என்பதும் அதில் உண்டு.

தேவராஜ் எழுதியது:

ஐயா, சாகும் தறுவாய் நினைவுக்கு வருகிறதே. நோயாளி கேட்டால் எழுந்து ஓடிவிடுவார்.

மருத்துவர் சிவகாமி எழுதியது:

ஓடினால் கால் தசை இரத்தத்தை மேலே தள்ளும், மயக்கம் வராது! வேடிக்கை ஒருபுறம். தேர்வுத்தாளுக்கு மயங்குதறுவாய் நன்றாக இருக்கிறது. நாற்காலியருகே எந்தப் பெயரும் வேண்டாம். உதவியாளரிடம் ‘கொஞ்சம் சாய்ப்போம்’ என்று சாதாரணக் குரலில் சொல்லிப் பழகுங்கள். நோயாளி அதை இருக்கையைச் சரிசெய்வதாக நினைப்பார்.

கண்மணி எழுதியது:

சரி. கையேட்டில் மயங்குதறுவாய் என்று எழுதுகிறேன், அச்சத்தால் வருவதற்கு மட்டும். முருகேசனின் அம்மாவுக்கு நேர்ந்ததைச் ‘சர்க்கரைத் தாழ்வு’ என்று தனி இயலாக வைக்கிறேன். சிவகாமி அம்மா இதை ஏற்கவில்லை என்று தெரியும். இரண்டாம் பதிப்பில் மறுபடி சண்டை போடலாம். மரப்பூசி எல்லா இடத்திலும் மாறிவிட்டது, யாழ்ப்பாணத்து வாசகர்களுக்காக விறைப்பு ஊசியும் பக்கத்தில் வரும்.

அந்த இளைஞரைப் பற்றிச் சொல்லாமல் விட்டது: தெளிந்த ஐந்தாவது நிமிடமே நன்றாக இருக்கிறேன் என்று எழுந்து நின்று, மறுபடி சரிந்தார். அன்று பல்லை எடுக்கவில்லை. படிப்படியாக நிமிர்த்தி, அரை மணி நேரம் உட்காரவைத்து, அண்ணனை வரவழைத்து அனுப்பினோம். மோட்டார் சைக்கிள் சாவியை அண்ணனிடம்தான் கொடுத்தோம்.

யாழினி எழுதியது:

அந்த இரண்டாவது சரிவுக்கும் உங்கள் சொல் பொருந்துமா, கண்மணி? அப்போது அவருக்கு அச்சம் இல்லையே.