எல்லாரும் "சரி" என்றார்கள், வேலை மட்டும் பழையபடியே நடந்தது: உங்கள் அனுபவம் என்ன?

கியர்பாக்ஸ்

ஒரு தொழிற்சாலையின் இயந்திரப் பராமரிப்புக் குழுவை நடத்துகிறேன். மூன்று ஷிப்ட், 11 டெக்னீஷியன்கள். முன்பெல்லாம் மெஷின் நின்றால் உற்பத்திப் பக்கத்திலிருந்து போன் வரும், யாராவது போய்ச் சரிசெய்வார்கள், முடிந்தால் வெள்ளைப் பலகையில் ஒரு வரி எழுதுவார்கள். எந்த மெஷின் எத்தனை முறை நின்றது, ஏன் நின்றது என்று மூன்று மாதம் கழித்துக் கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. அதனால் கணினியில் வொர்க் ஆர்டர் முறை கொண்டுவந்தோம். ஒவ்வொரு வேலைக்கும் ஆரம்ப நேரம், முடிந்த நேரம், காரணம், போட்ட ஸ்பேர் எல்லாம் பதிய வேண்டும்.

கூட்டத்தில் ஒருவர்கூட எதிர்த்துப் பேசவில்லை. "சரி மேடம்" என்பதோடு முடிந்தது. மாத அறிக்கையும் அழகாகத்தான் வந்தது. அழகாக இருந்ததுதான் உறுத்தியது. முக்கால்வாசி வேலைகள் சரியாக 30 நிமிடம். பேரிங் மாற்றினாலும் 30, சென்சார் துடைத்தாலும் 30. பதிவான நேரத்தைப் பார்த்தால் பெரும்பாலானவை ஷிப்ட் முடிவதற்கு முந்தைய இருபது நிமிடத்தில் மொத்தமாக ஏற்றப்பட்டிருந்தன. காரணப் பட்டியலில் பாதிக்கு மேல் "மற்றவை".

அப்புறம் ஸ்டோர் பதிவேட்டை எடுத்து ஒப்பிட்டேன். அந்த மாதம் ஸ்டோரிலிருந்து வெளியே போன பேரிங் 14, வொர்க் ஆர்டர்களில் இருந்தது 5. அதாவது வேலை நடக்கிறது, ஸ்பேர் போகிறது, பதிவு மட்டும் ஒப்புக்கு. புதிய முறை உண்மையிலேயே ஓடுகிறதா என்று பார்க்க அந்த முறைக்குள்ளேயே தேடினால் தெரியாது, அதற்கு வெளியே இருக்கும் ஒரு கணக்கோடு ஒட்டிப் பார்க்க வேண்டும்.

நான் யாரையும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. மூன்று ஷிப்டிலும் போய் உட்கார்ந்து, ஒரு வேலை முடிந்தபின் அதைப் பதிவதற்கு ஒருவர் என்ன பாடுபடுகிறார் என்று மட்டும் பார்த்தேன். கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டங்கள் 17. காரணப் பட்டியலில் 64 வரிகள், மென்பொருள் விற்றவர் கொடுத்தது, அதில் பாதி எங்கள் மெஷின்களுக்குச் சம்பந்தமே இல்லாதவை. கணினி இருப்பதோ தளத்தின் மறுகோடியில் உள்ள அலுவலக அறையில். கையில் கிரீஸோடு ஒருவர் அங்கே போய் வருவதற்குள் அடுத்த போன் வந்துவிடும். ஷிப்ட் கடைசியில் நினைவிலிருந்து எழுதாமல் வேறு என்ன செய்வார்?

கட்டங்களை 6 ஆக்கினோம். காரணப் பட்டியலை டெக்னீஷியன்களையே எழுதச் சொன்னேன், 12 வரிதான் வந்தது, அவர்கள் பேசும் வார்த்தையிலேயே: "பெல்ட் தளர்வு", "சென்சாரில் தூசு", "ஆயில் கசிவு". தளத்திலேயே ஒரு டேப்லெட் வைத்தோம். பெரும்பாலானோர் இதிலேயே வழிக்கு வந்துவிட்டார்கள். ஆனாலும் 30 நிமிடக் கணக்கு மட்டும் முழுதாகப் போகவில்லை. அதன் கதை வேறு, பிறகு எழுதுகிறேன். உங்கள் குழுக்களில் இந்த மாதிரி மௌனமான எதிர்ப்பை எப்படிக் கண்டுபிடித்தீர்கள், என்ன செய்தீர்கள்?

வரவுசெலவு

இவ்வளவு யோசிக்கவே வேண்டாம் என்பேன். எங்கள் கணக்குப் பிரிவில் பில் ஒப்புதலைப் புதிய முறைக்கு மாற்றியபோது, பழைய எக்செல் கோப்பை ஒரு தேதி குறித்து எழுத முடியாதபடி பூட்டிவிட்டேன். படிக்கலாம், திருத்த முடியாது. முதல் வாரம் முணுமுணுப்பு, அடுத்த வாரம் எல்லாரும் புதியதில். பழைய வழி திறந்திருக்கும் வரை மனிதன் அதில்தான் நடப்பான். கதவைச் சாத்துங்கள், தானாக வருவார்கள்.

கியர்பாக்ஸ்

உங்கள் இடத்தில் அது சரி. அங்கே புதிய முறை வழியாகப் போகாமல் பணம் வெளியே போகாது, அதனால் பூட்டினால் வேலை செய்யும். எங்கள் இடத்தில் ஸ்பேனர் எடுத்தால் மெஷின் ஓடிவிடும், பதிவு அதற்குப் பிறகுதான். எந்தக் கதவை நான் சாத்துவது? "வொர்க் ஆர்டர் இல்லாமல் வேலை இல்லை" என்று ஒரு வாரம் சொல்லிப் பார்த்தோம். லைன் நின்றுகொண்டிருக்க ஒருவர் டைப் செய்துகொண்டிருப்பதை எந்த உற்பத்தி மேற்பார்வையாளரும் பொறுக்க மாட்டார். இப்போது பிரேக்டவுன் என்றால் போனிலேயே ஆரம்பிக்கலாம், ஆர்டரைத் திறப்பது கூப்பிட்டவர் பொறுப்பு.

தேடுபவன்22

நல்ல பதிவு. நீங்கள் பயன்படுத்தும் மென்பொருள் எது? எங்களுடையது ஒவ்வொரு பக்கமும் திறக்க ஒரு யுகம் ஆகிறது. மாற்றலாம் என்று இருக்கிறோம்.

இரவுப்பணி

நான் அறுவை அரங்குச் செவிலியர். கியர்பாக்ஸ் சொன்ன "ஷிப்ட் கடைசியில் மொத்தமாக ஏற்றுவது" என்பதைப் படித்ததும் சிரிப்பு வந்தது, எங்களிடமும் அதே கதை. உலக சுகாதார நிறுவனத்தின் அறுவைச் சிகிச்சைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலில் 19 அம்சங்கள், மூன்று கட்டங்கள்: மயக்க மருந்துக்கு முன், கத்தி வைப்பதற்கு முன், நோயாளி அரங்கை விட்டுப் போவதற்கு முன். 2009-இல் வெளியான ஆய்வில் எட்டு மருத்துவமனைகளில் இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது என்றார்கள். பிறகு கனடாவின் ஒன்டாரியோவில் 101 மருத்துவமனைகளில் கட்டாயமாக்கியபின் பார்த்த ஆய்வு 2014-இல் வந்தது. குறிப்பிடும்படியான குறைவு இல்லை. அங்கேயும் பட்டியலை நிரப்பியதாகச் சொன்ன விகிதம் மிக அதிகம்தான்.

அதற்கு என்ன காரணம் என்று இன்னும் வாதாடுகிறார்கள், நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. என் அரங்கில் நான் பார்த்தது இது: ஒரு மூத்த மருத்துவர், பட்டியலை வாசிக்க எல்லாரும் வேலையை நிறுத்தும் நேரத்தில் பேசாமல் கையுறை போட்டுக்கொண்டே இருப்பார். எதிர்ப்பே இல்லை, மறுப்பே இல்லை. நாங்கள் வாசிப்போம், அவர் நிமிரவே மாட்டார், கட்டங்கள் மட்டும் நிரம்பிவிடும். கடைசியில் வாசிக்கும் பொறுப்பையே அவரிடம் கொடுத்தோம். வாசிப்பவர் நிமிர்ந்துதானே ஆக வேண்டும்? அதற்குப் பிறகு கொஞ்சம் மாறினார். எல்லா நாளும் இல்லை.

ஓரமாய்நிற்பவன்

நான் மறுபக்கத்து ஆள். அந்த "சரி சார்" சொல்லிவிட்டுச் செய்யாமல் இருந்தவர்களில் ஒருவன். எங்களுக்கு மாற்றத்தின் மேல் வெறுப்பு ஒன்றும் கிடையாது. அதற்கு முன் மூன்று புதிய முறைகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் பயிற்சி, சுவரொட்டி, கேக். கொண்டுவந்த மேலாளர் வேறு இடத்துக்குப் போனதும் ஒவ்வொன்றும் செத்தது. முதல் இரண்டையும் உயிரைக் கொடுத்துச் செய்தவர்கள் முட்டாளானதுதான் மிச்சம். நான்காவது வந்தபோது, இதுவும் போகும் என்று காத்திருந்தோம். உங்கள் ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள், இதற்கு முன் எத்தனை பார்த்தார்கள் என்று.

எங்களை அசைத்தது பேச்சு இல்லை. மேலாளரே தன் வாராந்திரக் கூட்டத்தைப் பழைய அறிக்கை இல்லாமல் புதியதை மட்டும் வைத்து நடத்த ஆரம்பித்தார். அதுவரை இரண்டையும் கேட்டுக்கொண்டிருந்தவர் அவர்தான். ஒரே விஷயத்தை இரண்டு முறை எழுதச் சொன்னால், ஒன்றைக் கடமைக்குத்தான் எழுதுவோம்.

நீலமசி

பழைய ஆய்வு ஒன்று இங்கே பொருந்தும். லெஸ்டர் கோச், ஜான் ஃபிரெஞ்ச் இருவரும் அமெரிக்காவில் ஒரு பைஜாமா தைக்கும் தொழிற்சாலையில் செய்து 1948-இல் வெளியிட்டது. வேலைமுறை மாறியபோது ஒரு குழுவுக்கு அதை அறிவித்து மட்டும் விட்டார்கள். உற்பத்தி விழுந்தது, எழவே இல்லை, முதல் 40 நாளில் 17 சதவீதம் பேர் வேலையை விட்டுப் போனார்கள். புதிய முறையை வடிவமைப்பதில் எல்லாரும் பங்கெடுத்த குழுக்கள் சீக்கிரமே பழைய அளவைத் தாண்டின. யாரும் போகவில்லை.

எனக்குப் பிடித்தது அதன் பின்பகுதி. அந்த முதல் குழுவில் மிஞ்சியிருந்த 13 பேரை இரண்டரை மாதம் கழித்து வேறொரு மாற்றத்தில், இந்த முறை பங்கெடுக்க வைத்துச் சேர்த்தார்கள். அதே ஆட்கள் இப்போது வேகமாக மீண்டார்கள். ஆக, எதிர்ப்பு ஆளின் குணம் என்று முத்திரை குத்துவதற்கு முன் யோசிக்கலாம். ஆனால் குழுக்கள் மிகச் சிறியவை, வேலையும் துண்டுக்கூலி வேலை. இதை எல்லா இடத்துக்கும் இழுக்க முடியாது.

கியர்பாக்ஸ், அந்த 30 நிமிடக் கதையைச் சொல்லுங்கள். நேரம் பதிவதில் பயம் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

கியர்பாக்ஸ்

அதேதான். முறை தொடங்கிய புதிதில், ஒரு மேல்மட்டக் கூட்டத்தில் யார் எவ்வளவு நேரம் எடுத்தார் என்று பெயர்வாரியாக ஒரு வரைபடம் காட்டப்பட்டது. எங்கள் குழுவில் கடினமான வேலைக்கெல்லாம் அனுப்பப்படுகிறவர்தான் அதில் கடைசி. செய்தி தளத்துக்கு வர அரைநாள் ஆகவில்லை. அதற்குப் பிறகு யார் உண்மை நேரம் எழுதுவார்? முப்பது என்பது யாரும் கேள்வி கேட்காத எண்.

மேலே பேசி, அறிக்கை மெஷின்வாரியாக மட்டும், பெயர் கிடையாது என்று எழுத்தில் வாங்கினேன். வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள், நம்பவும் கூடாது. அந்தக் கடிதத்தின் நகலைப் பலகையில் ஒட்டினோம். அடுத்த மாதம் 30 போய், 12, 47, 95 என்று நிஜமான எண்கள் வர ஆரம்பித்தன.

இங்கே ஒரு விஷயத்தை எச்சரிக்கிறேன். எண்கள் உண்மையானதும் மொத்தப் பழுதுபார்ப்பு நேரம் காகிதத்தில் கூடிவிடும். வேலை மோசமானதாகத் தோன்றும். இதை மேலே இருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைத்ததால் தப்பித்தோம். இல்லையென்றால் அந்த மாதமே மறுபடி பெயர் கேட்டிருப்பார்கள்.

ஓரமாய்நிற்பவன், நீங்கள் சொன்னதைக் கேட்டுப் பார்த்தேன். ஐந்து என்றார்கள்.

இன்னும் ஒருவர் மட்டும் பதிவதில்லை. எங்களில் மூத்தவர், எந்த மெஷினில் எந்த ஷாஃப்ட் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதெல்லாம் அவருடைய பாக்கெட் நோட்டில். அவரிடம் கேட்டுத்தான் மற்றவர்கள் வேலை செய்கிறார்கள், அது கணினிக்குள் போய்விட்டால் அவரிடம் ஏன் வரப்போகிறார்கள்? இளையவர் ஒருவரை அவரோடு அனுப்புகிறேன், மூத்தவர் சொல்ல இளையவர் பதிகிறார். நோட்டில் இருப்பதில் எவ்வளவு வெளியே வருகிறது என்று தெரியவில்லை.

வரவுசெலவு

எல்லாம் சரி. பெயரை எடுத்துவிட்டால், நிஜமாகவே வேலை செய்யாமல் நேரத்தை ஓட்டுகிற ஒருவரை எப்படிப் பிடிப்பீர்கள்? இருக்கத்தானே செய்வார்கள்?

கியர்பாக்ஸ்

ஷிப்ட் மேற்பார்வையாளருக்கு அது அறிக்கை இல்லாமலே தெரியும். ஆனால் உங்கள் கேள்வியைத்தான் புதிதாக வந்திருக்கும் மேலாளரும் கேட்கிறார். கடிதம் போட்டவர் மாறிப் போய்விட்டார். அடுத்த வாரம் கூட்டம், என்ன ஆனது என்று எழுதுகிறேன்.

தேடுபவன்22

மென்பொருள் பெயர் இன்னும் சொல்லவில்லையே மேடம்?