மண்தாங்கு சுவர் அறிக்கை: ‘பேரிங் பிரஷர்’ தமிழில் எப்படி?

மலர்:
வணக்கம். மண்தாங்கு சுவருக்கான கணக்கீட்டு அறிக்கையைத் தமிழில் எழுதுகிறேன். ஸ்லைடிங்குக்குச் சறுக்கல், ஓவர்டர்னிங்குக்குக் கவிழ்தல் என்று வைத்தாயிற்று. பேரிங் பிரஷருக்குத் ‘தாங்கழுத்தம்’ பொருந்துமா?

சேகர்:
தாராளமாக. மண் தாங்குகிறது, அதனால் தாங்கழுத்தம். மொத்த எடையை அடித்தள அகலத்தால் வகுத்து, மண்ணின் தாங்குதிறனோடு ஒப்பிட்டால் முடிந்தது.

இளங்கோ:
முடியவில்லை, சேகர். மலர் தனியாக அனுப்பிய கணக்கையே பாருங்கள். சுவர் உயரம் 4 மீட்டர், அடித்தள அகலம் 2.4 மீட்டர், ஒரு மீட்டர் நீளத்துக்கு மொத்தச் சுமை 148 கிலோநியூட்டன். நீங்கள் சொன்னபடி வகுத்தால் சதுர மீட்டருக்கு 62 வரும். அனுமதித்த அளவு 90, ஆகவே தேறிவிட்டது போலத் தெரியும். ஆனால் பின்னாலுள்ள மண் தள்ளுவதால் சுமை நடுவிலிருந்து 0.22 மீட்டர் முன்னே போய்விடுகிறது. முன்விளிம்பில் அழுத்தம் 96, பின்விளிம்பில் 28. முன்விளிம்பில் தேறவில்லை.

தாங்கழுத்தம் என்றால் மண் தாங்கக்கூடியது என்றுதான் வாசிப்பவர் எடுத்துக்கொள்வார். சுவர் கொடுப்பதற்கு ‘அடிமண் அழுத்தம்’, மண் ஏற்பதற்குத் ‘தாங்குதிறன்’ என்று பிரித்துவிடலாம்.

துரை:
குறுக்கிடுகிறேன். எங்கள் வீட்டுப் பின்சுவர் மழைக்குப் பிறகு வெளிப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. அது கவிழ்தல்தானே?

இளங்கோ:
பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது, துரை. சாய்ந்ததெல்லாம் கவிழ்தல் அல்ல. மலரின் சுவரில் கவிழ்தலுக்கு எதிரான காப்புக் காரணி 3.3; அதே சுவர் முன்விளிம்பு மண் அமுங்கியே சாயலாம். முன்விளிம்பைத் தோண்டிப் பாருங்கள். அடித்தளமே முன்பக்கம் இறங்கியிருந்தால் மண்தான் காரணம். அடித்தளம் மட்டமாக இருந்து, சுவர் அதோடு சேரும் இடத்தில் பின்பக்கம் விரிசல் விட்டிருந்தால் கம்பி போதவில்லை. நீர் வடியும் துளைகள் அடைத்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். தேங்கிய நீரும் சேர்ந்து தள்ளும்.

சேகர்:
அடிமண் அழுத்தம் என்றால் ஆழத்தில் உள்ள மண்ணின் சொந்த அழுத்தம் என்று படாதா? எனக்கு இன்னும் உறுத்துகிறது. அப்புறம், சறுக்கலைவிட வழுக்கல் மேல். மண்மேல் கான்கிரீட் வழுக்குகிறது.

மலர்:
வழுக்கல் என்றால் ஈரத்தரை நினைவு வருகிறது, சறுக்கலே இருக்கட்டும். இளங்கோ ஐயா, கணக்கைத் திருத்திவிட்டேன். உராய்வுக் கெழு 0.45 என்று வைத்ததில் சறுக்கலுக்கு எதிரான காப்பு 1.39 மட்டுமே, 1.5 வேண்டும். அடித்தளத்தைப் பின்பக்கம் 40 சென்டிமீட்டர் நீட்டினேன். அதன் மேல் நிற்கும் மண்ணின் எடை கூடியதால் காப்பு 1.67 ஆனது, முன்விளிம்பு அழுத்தமும் 84க்கு இறங்கியது. அறிக்கையில் ‘முன்விளிம்பு அழுத்தம்’, ‘பின்விளிம்பு அழுத்தம்’ என்று தனித்தனி வரியாகவே போடுகிறேன். இரண்டுக்கும் பொதுத் தலைப்பு என்ன என்பதற்குச் சேகர் வேறு சொல் தரட்டும்.