அனுபவப் பகிர்வு: மூன்று நாள் கேசிங் இருப்பும் நின்றுபோன அசெம்பிளியும்

கணபதி, பம்ப் யூனிட் சூப்பர்வைசர்

அனைவருக்கும் வணக்கம். கோவை கணபதியில் மோனோபிளாக் பம்ப் செய்யும் சிறிய யூனிட் ஒன்றில் சூப்பர்வைசராக இருக்கிறேன். நாளொன்றுக்கு 50 பம்ப் அசெம்பிளி ஆகிறது. பம்பின் வெளிக்கூடான கேசிங் வார்ப்படம் முழுவதும் ஒரே பவுண்டரியிலிருந்து வருகிறது. எப்போதும் 12 வேலை நாளுக்கான கேசிங், அதாவது 600 உருப்படி, கையிருப்பில் இருக்கும். சென்ற ஆண்டு எங்கள் முதலாளி ஒரு பெரிய தொழிற்சாலையில், தேவைப்படும்போது மட்டும் சரக்கை வரவழைக்கும் ஜஸ்ட் இன் டைம் முறையைப் பார்த்துவிட்டு வந்து, மூன்று நாளுக்கு மேல் கேசிங் வைக்கக் கூடாது என்றார். 150 மிச்சம் இருக்கும்போது போன் செய்தால் மூன்று நாளில் 150 வந்துவிடும் என்பது கணக்கு.

தொடக்கத்தில் நன்றாகவே இருந்தது. ஷெட்டின் பின்பக்கம் காலியாயிற்று. குவியலின் அடியில் துருவேறிக் கிடந்த பழைய வார்ப்படங்கள் வெளியே வந்தன. பிறகு ஒரு வாரம் லோடு இரண்டு நாள் தள்ளி வந்தது. அசெம்பிளியில் ஒன்பது பேரும் சும்மா இருந்தார்கள். வந்த லோடை அவசரமாக லேத்தில் ஏற்றி, முகம் சீவி, துளை போட்டு, ஹைட்ரோ டெஸ்டில் வைத்தோம். தண்ணீர் அழுத்தம் ஏறியதும் டெலிவரி கழுத்துக்குக் கீழே, மனிதனுக்கு வியர்ப்பதைப் போல, பொட்டுப் பொட்டாக நீர் அரும்பியது. 150-இல் 22 கேசிங் அப்படிக் கசிந்தன. மெஷினிங் கூலியும் போயிற்று, அன்றைய அசெம்பிளியும் பாதியில் நின்றது. பழைய 600 இருந்திருந்தால் அவற்றை ஓரமாக வைத்துவிட்டு வேறு எடுத்திருப்போம். இந்த முறையே நமக்கு ஒத்துவராதா, அல்லது நான் செய்ததில்தான் பிழையா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

அரசூர், மெஷின் ஷாப்

தம்பி, ஜஸ்ட் இன் டைம் என்றாலே சரக்கு சப்ளையரிடம் இருக்க வேண்டும் என்பதுதான் பொருள். 300 கேசிங்கைத் தயாராக வைத்திருக்கும்படி பவுண்டரிக்காரரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் போல்ட், நட்டு, வாஷர், அட்டைப்பெட்டி எல்லாவற்றையும் அப்படித்தான் நடத்துகிறோம். காலையில் போன் செய்தால் மதியத்துக்குள் டெம்போ வந்துவிடும். ஐந்து ஆண்டுகளில் ஒரு நாளும் நின்றதில்லை.

திருப்பூர், கட்டிங் பிரிவு

எங்கள் சிரமம் இதைவிடப் பெரிது. துணியைச் சிறுசிறு லாட்டாகச் சாயம் போட்டு வாங்கச் சொன்னார்கள். முதல் லாட்டில் வெட்டிய முன்பக்கமும் இரண்டாம் லாட்டில் வெட்டிய கையும் தையலுக்குப் போன பிறகுதான் ஷேடு வேறு என்று தெரிந்தது. ஏற்றுமதித் தேதி தவறி விமானத்தில் அனுப்ப நேர்ந்தது. அதனால் நூல் விலை ஏறும் என்று தெரிந்தால் இப்போது மூன்று மாதத்துக்கு வாங்கிப் போட்டுவிடுகிறோம். நீங்களும் வார்ப்பிரும்பு விலையைப் பார்த்து வாங்கிப் போடுவது நல்லது.

பீளமேடு, ஓய்வுபெற்ற உற்பத்தித் திட்டமிடுபவர்

திருப்பூர் நண்பரின் ஷேடு அனுபவம் மதிப்புள்ளது. ஆனால் விலை ஏறும் என்று வாங்கிப் போடுவது வியாபாரக் கணிப்பு. லைன் நிற்காமல் இருக்க வைக்கும் இருப்பு வேறு. இரண்டையும் ஒரே குவியலில் போட்டால் எது எவ்வளவு என்பது பிறகு யாருக்கும் தெரியாது.

அரசூர் நண்பர் சொன்னது போல்ட்டுக்குச் சரி. அதைப் பத்துக் கடைகளில் வாங்கலாம், எந்தக் கடைப் பொருளும் பொருந்தும். கேசிங் உங்கள் பேட்டர்னில், அதாவது அச்சு எடுக்கும் உங்கள் மாதிரியில், மட்டுமே வரும், அந்தப் பேட்டர்ன் ஒரே பவுண்டரியில் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே விதியைப் போட்டதுதான் முதல் பிழை என்று நினைக்கிறேன்.

கணபதித் தம்பி, ஒன்று செய்யுங்கள். உங்கள் இன்வர்டு ரிஜிஸ்தரை எடுத்து, கடைசிப் பன்னிரண்டு லோடுக்கு நீங்கள் போன் செய்த தேதியையும் லோடு இறங்கிய தேதியையும் பார்த்து, இடையிலுள்ள வேலை நாட்களை மட்டும் எழுதுங்கள். மூன்று நாளில் வரும் என்று யார் சொன்னார்கள் என்பதை விட்டுவிடுங்கள்.

கணபதி, பம்ப் யூனிட் சூப்பர்வைசர்

எழுதிப் பார்த்தேன் ஐயா: 2, 3, 3, 2, 4, 3, 2, 3, 5, 3, 2, 4. சராசரி சரியாக மூன்று நாள்தான் வருகிறது. ஒரு கேசிங் எங்களுக்குச் சுமார் 800 ரூபாய். ஒன்பது பேருக்கும் ஆளுக்கு நாள் சம்பளம் 650 ரூபாய். ரிஜெக்சன் வழக்கமாக நூற்றுக்கு நான்கு.

பீளமேடு, ஓய்வுபெற்ற உற்பத்தித் திட்டமிடுபவர்

விடை அந்த வரிசையிலேயே இருக்கிறது. சராசரி மூன்றுதான், ஆனால் மூன்று நாளைத் தாண்டிய லோடு மூன்று இருக்கின்றன: 4, 5, 4. நீங்கள் மூன்று நாள் இருப்போடு காத்திருந்ததால் அந்த மூன்று முறையும் லைன் நின்றே தீரும், மொத்தம் நான்கு நாள். ஒரு நாளுக்கு 5,850 ரூபாய் வீதம் 23,400 ரூபாய் சும்மா இருந்த சம்பளமாகவே போயிருக்கிறது. இரண்டு நாளில் வந்த லோடுகள் இந்த நட்டத்தை ஈடுகட்டவில்லை, ஏனென்றால் சீக்கிரம் வந்த சரக்கு ஷெட்டில் ஒரு நாள் காத்திருந்ததே தவிர, தாமதித்த நாளுக்குப் போய் உதவ முடியாது.

ஆகவே மிக நீண்ட ஐந்து நாளை வைத்துக் கணக்கிடுங்கள். ஐந்து நாளுக்கு 250 கேசிங், அதில் நூற்றுக்கு நான்கு கழிந்தால் சுமார் 260 வேண்டும். 25 உருப்படி கொள்ளும் கிரேட்டில் வாங்குகிறீர்கள் என்றால் 11 கிரேட், அதாவது 275. பதினோராவது கிரேட்டுக்கு மேல் சுவரில் சிவப்புக் கோடு போடுங்கள். அடுக்கு அந்தக் கோட்டுக்கு இறங்கியதும் 6 கிரேட்டுக்கு ஆர்டர். லோடு தாமதித்து வந்தால், அந்தத் தாமத நாட்களில் கூடுதலாகத் தீர்ந்த கிரேட்டுகளையும் அடுத்த ஆர்டரில் சேர்க்க வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். அந்தப் பள்ளம் நிரம்பாமலே கிடந்து, அடுத்த சிறு தாமதத்திலேயே லைன் நிற்கும்.

முதலாளி கேட்டால் இப்படிச் சொல்லுங்கள். 150-ஐ 275 ஆக்கினால் கூடுதலாக முடங்குவது ஒரு லட்சம் ரூபாய், 12 சதவீத வட்டியில் மாதம் 1,000 ரூபாய். பழைய 600-உடன் ஒப்பிட்டால் அப்போதும் 2,60,000 ரூபாய் விடுபட்டுத்தான் இருக்கும்.

இந்த முறையை வளர்த்தெடுத்த டொயோட்டாவே அடிபட்டுத்தான் கற்றது. 1997 பிப்ரவரி 1 அன்று ஐசின் சீக்கியின் கரியா ஆலையில் தீப்பிடித்தது. பிரேக்குக்கான சிறிய வால்வு ஒன்று ஏறக்குறைய முழுவதும் அங்கிருந்தே வந்துகொண்டிருந்ததால், டொயோட்டாவின் ஜப்பானிய ஆலைகள் சில நாள் நின்றன. 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு, கிடைக்க நாளாகும் சிப்களுக்குப் பல மாத இருப்பு வைக்கும்படி ஏற்பாடு செய்துகொண்டார்கள். எல்லாப் பொருளுக்கும் அல்ல, மாற்று இல்லாதவற்றுக்கு மட்டும்.

சின்னவேடம்பட்டி, பவுண்டரி

அந்த வியர்வைக் கசிவைப் பற்றி யாரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். இந்தப் பவுண்டரி என்னுடையது அல்ல, ஆனாலும் என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. 600 ஆகக் கேட்டுக்கொண்டிருந்தபோது உங்கள் பேட்டர்னை ஒரு முறை ஏற்றினால் ஓடிக்கொண்டே இருக்கும். இப்போது 150-க்காக வாரம் இரண்டு முறை ஏற்றி இறக்க வேண்டும். அதனால் வேறொருவரின் பெரிய ஆர்டருக்குப் பின்னால் உங்களுடையதைச் சேர்ப்பார்கள். உலோகம் லேடிலில் சூடு குறைந்துகொண்டே வரும்போது கடைசியாக ஊற்றப்படுவது உங்கள் அச்சாக இருக்கும். நீங்கள் தினமும் போன் செய்து அவசரப்படுத்தினால், கேசிங்கின் உள்வெற்றிடத்தை உருவாக்கும் கோர் மீது பூசிய பூச்சு முழுவதும் காயுமுன்பே அச்சை மூடுவார்கள். ஈரக் கோரிலிருந்து எழும் வாயு, ஆறிக்கொண்டிருக்கும் உலோகத்திலிருந்து வெளியேற முடியாமல் சுவருக்குள்ளேயே தங்கிவிடும். மேலே பார்த்தால் கேசிங் நன்றாகவே இருக்கும், லேத்தில் தோல் சீவிய பிறகுதான் துளை வாய் திறக்கும். தாமதமும் கசிவும் தனித்தனி விபத்து என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒரே அவசரத்தின் விளைவாகத் தெரிகிறது.

கண்டுபிடிக்க வழி உண்டு. ஒவ்வொரு லோடிலும் முதலில் ஐந்து கேசிங்கை மட்டும் மெஷினிங் செய்து டெஸ்டில் வையுங்கள். எந்த உருக்கில் ஊற்றியது என்று காட்டும் ஹீட் எண்ணை வார்ப்படத்திலேயே போட்டுத் தரச் சொல்லுங்கள். கசிவது எல்லாம் ஒரே ஹீட்டில் விழுந்தால் அதை மட்டும் ஒதுக்கிவிடலாம்.

அரசூர் அண்ணாவுக்கு ஒரு வார்த்தை. 300 கேசிங்கை நாங்கள் வைத்திருந்தால் அந்த இரும்பும் கரண்டும் கூலியும் எங்கள் பணம். 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று சட்டம் இருந்தும், பில் போட்டு 90 நாள் காத்திருக்கிறோம். இருப்பை எங்கள் ஷெட்டுக்கு நகர்த்தினால் அதன் சுமை குறைவதில்லை.

அரசூர், மெஷின் ஷாப்

சுமையை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாதிப் பணத்தை முன்பணமாகக் கொடுத்தால் நீங்கள் வைக்கலாமே. மேலும் இரண்டாவது பவுண்டரி ஒன்றையும் பழக்கிக்கொண்டால் இந்தத் தொல்லையே இருக்காது.

திருப்பூர், கட்டிங் பிரிவு

இரண்டு பேர் இருந்தால் போதும் என்று நாங்களும் நம்பினோம். 2011 ஜனவரி இறுதியில் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, எங்களுக்குச் சாயம் போட்ட இரண்டு பட்டறையும் ஒரே நாளில் நின்றன. ஒரே ஊரில், ஒரே காரணத்துக்காக நிற்கக்கூடிய இரண்டு பேர் நமக்கு ஒருவரே என்பது அன்றுதான் புரிந்தது. உங்கள் இரண்டு பவுண்டரிக்கும் தீபாவளிக்கு ஒரே வாரத்தில்தானே வெளியூர் ஆட்கள் ஊருக்குப் போவார்கள்?

பீளமேடு, ஓய்வுபெற்ற உற்பத்தித் திட்டமிடுபவர்

ஆம், இரண்டாவது பவுண்டரி அந்த வாரத்துக்கு உதவாது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முன்பு சிவப்புக் கோட்டை மேலே ஏற்றி, பிறகு இறக்கிவிடுங்கள். இரண்டாவது பேட்டர்ன் செய்யும் செலவு நாளைக்கு 50 பம்ப் போடும் யூனிட்டுக்குத் தாங்குமா என்பதில் எனக்கு உறுதியான கருத்து இல்லை.

கணபதி, பம்ப் யூனிட் சூப்பர்வைசர்

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன். சிவப்புக் கோடு போட்டுவிட்டோம். முதல் ஐந்து கேசிங் சோதனையில் ஒரு முறை இரண்டு கசிந்தன. அந்த ஹீட் எண் கொண்ட 31 உருப்படியை லேத்தில் ஏற்றாமலே திருப்பி அனுப்பினோம். போன் செய்து அவசரப்படுத்துவதை நிறுத்திவிட்டு, அடுத்த இரண்டு வாரத்துக்கான தேவையை முன்கூட்டியே எழுதிக் கொடுக்கிறேன்.

ஆனால் போன வாரம் ஒரு லோடு ஆறு நாள் எடுத்துக்கொண்டது. ஐந்து நாள் ஓடி, ஆறாம் நாள் காலையில் நல்ல கேசிங் 14 மட்டும் மிச்சம் இருந்தன. எட்டரைக்குத் தொடங்கிய அசெம்பிளி பத்தே முக்காலுக்கு நின்றது. லோடு மதியம் இரண்டு மணிக்கு இறங்கியது. இனி ஆறு நாளுக்குக் கணக்கிட்டு இன்னும் இரண்டு கிரேட் சேர்க்கலாம் என்கிறேன். முதலாளி, இப்படியே ஏற்றினால் பழைய 600-க்கே போய்விடுவோம் என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆறு நாள் ஏன் ஆயிற்று என்று பவுண்டரியில் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.