கலைச்சொல் தேவை: ‘ஆல்கஹால் மயோபியா’

கோத்தகிரி, மொழிபெயர்ப்பாளர்

அன்பர்களுக்கு வணக்கம். எங்கள் வட்டாரத்து மகளிர் குழுக்களுக்காகக் குடிநோய் பற்றிய சிறு கையேடு ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். முப்பத்திரண்டு பக்கங்களில் இருபத்தொன்பது முடிந்துவிட்டன. வெள்ளிக்கிழமை குன்னூர் அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். குடித்தபின் ஒருவர் ஏன் சண்டைக்கு நிற்கிறார், இன்னொருவர் ஏன் தேம்பி அழுகிறார் என்று விளக்கும் அத்தியாயம் முழுவதும் ‘ஆல்கஹால் மயோபியா’ என்ற ஒரு கருத்தின்மேல் நிற்கிறது. 1990இல் கிளாட் ஸ்டீல், ராபர்ட் ஜோசப்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் எழுதிய கட்டுரையால் பரவிய பெயர் இது. போதை ஏற ஏறக் கவனத்தின் வட்டம் சுருங்குகிறது. வட்டத்துக்குள் எது நிற்கிறதோ அது பூதாகாரமாகிறது. சற்றுத் தள்ளி நிற்கும் நாளைய வேலை, மானம், பிள்ளைகள் எல்லாம் மங்கிவிடுகின்றன என்பது அதன் சாரம்.

‘மதுக் கிட்டப்பார்வை’ என்று எழுதி, பக்கத்து வீட்டு அம்மாவிடம் படித்துக் காட்டினேன். “ஆமாம் தம்பி, விஷச்சாராயம் குடித்தால் கண் போய்விடும், தெரியும்” என்றார். மெத்தனால் கலந்த சாராயம் பார்வை நரம்பைக் கெடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் இந்த அத்தியாயத்துக்கும் கண்ணுக்கும் தொடர்பே இல்லை. அந்த ஒரு பதிலிலேயே என் சொல் செத்துவிட்டது. வேறு சொல் தருக.

உதகை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

கண்ணை விட்டு நோக்கைப் பிடியுங்கள். ‘களிக்குறுநோக்கு’ என்பது என் பரிந்துரை. களித்தல் என்ற வினைக்கு மகிழ்தல், கள்ளுண்டு மயங்குதல் ஆகிய இரு பொருளும் உண்டு; ‘மகிழ்’ என்ற சொல்லும் பழைய நூல்களில் கள்ளையும் மகிழ்ச்சியையும் ஒருங்கே குறிப்பதைக் காணலாம். இன்பமும் மயக்கமும் ஒரே வேரில் கிளைத்தவை என்று நம் முன்னோர் அறிந்திருந்தனர். மேலும், அந்த இரு உளவியலாளர்கள் சொன்னதை வள்ளுவர் ‘களித்தறியேன் என்பது கைவிடுக நெஞ்சத்து ஒளித்ததூஉம் ஆங்கே மிகும்’ என்று முன்பே சொல்லிவிட்டார். நெஞ்சில் ஒளித்தது குடித்த அளவில் வெளிப்படும். கோபத்தை ஒளித்தவர் அடிக்கிறார், துயரத்தை ஒளித்தவர் அழுகிறார். வேறு விளக்கமே தேவையில்லை.

கூடலூர், கல்லூரி மாணவி

ஐயா, பொறுத்தருள வேண்டும். எங்கள் விடுதியில் ‘களி’ என்றால் ராகிக் களிதான். ‘களிக்குறுநோக்கு’ என்று படித்துக் காட்டியபோது, தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடும் பழக்கமா என்று தோழி கேட்டாள்.

குன்னூர், மனநல மருத்துவர்

புலவர் ஐயாவுக்கு வணக்கம். தாங்கள் காட்டிய குறள் இக்கொள்கைக்குச் சான்றாகாது என்பதை மட்டும் பணிவுடன் சொல்லிக்கொள்கிறேன். அது ஏறத்தாழ எதிர்ப்பக்கம் நிற்கிறது. உள்ளே ஒளிந்திருந்தது வெளியே வருகிறது என்கிறது குறள். வெளியே எதிரில் நிற்பது உள்ளே புகுந்து இடம் முழுவதையும் பிடித்துக்கொள்கிறது என்கிறது இக்கொள்கை. நாம் தேடும் சொல் இந்த வேறுபாட்டைத் தாங்க வேண்டும்.

நான் பார்த்த ஒருவரின் கதையை, அடையாளம் மாற்றிச் சொல்கிறேன். தேயிலைத் தோட்டத்தில் கவாத்து வெட்டுபவர்; எடை அறுபது கிலோ; சனிக்கிழமைகளில் மட்டும் ஒரு குவார்ட்டர். 180 மில்லியில் 42.8 விழுக்காடு என்றால் ஏறத்தாழ 60 கிராம் ஆல்கஹால். வெறும் வயிற்றில் மளமளவென்று குடித்தால், 100 மில்லி இரத்தத்தில் 120 மில்லிகிராமுக்கு மேல் ஏறிவிடும். வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் பொறுப்பது 30 வரைதான். ஒரு சனிக்கிழமை நண்பர்களோடு கேரம் ஆடியபடி குடித்தார். அன்று அவரைப்போல் கலகலப்பானவர் எவரும் இல்லை. அடுத்த வாரம் கடை வரிசையில் ஒருவர் தோளில் இடித்தார். இவர் அவருடைய மூக்கை உடைத்துவிட்டார். மூன்றாம் வாரம் மழையில் மின்சாரம் போயிருந்தது, மெழுகுவர்த்திக்குப் பின்னால் இறந்துபோன தாயின் படம் இருந்தது, விடியும்வரை அழுதார். இந்த மூவரில் என் கணவர் யார் என்று அவருடைய மனைவி என்னிடம் கேட்டார்.

மூன்று நாளும் அதே அளவு மதுதான், அதே மனிதர்தான். வேறாக இருந்தது எதிரில் நின்றது மட்டுமே. ஆல்கஹால் மூளையின் அடக்கும் தூதுப்பொருளான காபாவின் வேலையைக் கூட்டி, தூண்டும் தூதுப்பொருளான குளூட்டமேட்டின் வேலையைக் குறைக்கிறது. ஒன்றைப் பார்க்கும்போதே இன்னொன்றையும் நினைவில் நிறுத்திவைக்கும் நெற்றிப்புற மூளையின் திறன் இதனால் தளர்கிறது. தோளில் இடிபட்டால் குடிக்காதவருக்கும் சுருக்கென்று கோபம் வரும். ஆனால் கூட்டத்தில் தெரியாமல் பட்டிருக்கும் என்ற இரண்டாம் எண்ணம் உடனே வந்து கையைப் பிடித்துக்கொள்ளும். போதையில் அந்த இரண்டாம் எண்ணத்துக்குத்தான் இடமில்லை.

அழுகையும் அப்படியே. ஸ்டீலும் ஜோசப்ஸும் செய்த சோதனை ஒன்றில், தன் உடலில் தனக்குப் பிடிக்காதவற்றைப் பற்றிச் சற்று நேரத்தில் மேடையில் பேச வேண்டும் என்று சொல்லிச் சிலரைப் பதற வைத்தனர். குடித்தபின் ஓவியப் படங்களை மதிப்பிடும் வேலை கொடுக்கப்பட்டவர்களுக்குப் பதற்றம் இறங்கியது. குடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது இறங்கவில்லை. கவலையை மறக்கக் குடிக்கிறேன் என்பவர் தனியாக உட்கார்ந்து குடித்தால் அவர் எதிரில் இருப்பது அந்தக் கவலை மட்டும்தான். ஆகவே சுருங்குவது கவனம் என்று சொல்லிலேயே தெரிய வேண்டும். ‘போதைக் கவனக்குறுக்கம்’ என்று வைக்கலாம்.

குன்னூர், தோட்டத்து முன்னாள் மேற்பார்வையாளர்

முப்பது ஆண்டுகள் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ரம் குடித்தவன் அடிப்பான், பீர் குடித்தவன் அழுவான், பிராந்தி குடித்தவன் தூங்குவான். சரக்கின் பெயரைப் போட்டாலே போதும், கலைச்சொல் எதற்கு?

குன்னூர், மனநல மருத்துவர்

ஐயா, மூன்றிலும் வேலை செய்வது ஒரே எத்தனால்தான். எவ்வளவு, எத்தனை வேகமாக என்பதில்தான் வேறுபாடு. ஆனால் தங்கள் கண்கள் பொய் சொல்லவில்லை. ரம் அடிக்க வைக்கும் என்று நம்புகிறவர் ரம் குடித்தால் அந்த நம்பிக்கையும் கூடவே உள்ளே போகிறது. 1975இல் அமெரிக்காவில் நடந்த சோதனை ஒன்றில், வோட்கா குடித்ததாக நம்ப வைக்கப்பட்டவர்கள், குவளையில் உண்மையில் வோட்கா இருந்ததோ இல்லையோ, கூடுதல் முரட்டுத்தனம் காட்டினார்கள். கவனக்குறுக்கம் மட்டுமே முழு விளக்கம் என்று நானும் சொல்ல மாட்டேன்.

கோத்தகிரி, மகளிர் குழுப் பொறுப்பாளர்

டாக்டர் ஐயாவிடம் ஒரே ஒரு கேள்வி. என் தம்பி குடித்தால் அடிப்பான். வரும் வழியில் மேஸ்திரி எதிர்ப்பட்டால் கும்பிடு போட்டுவிட்டு வருகிறான். கடைக்காரரிடம் சில்லறை சரியாக எண்ணி வாங்குகிறான். வீட்டுக் கதவைச் சாத்தியபின்தான் என் தம்பி மனைவிமேல் கை வைக்கிறான். கவனம் குறுகியவனுக்கு யாரை அடிக்கலாம், யாரை அடிக்கக் கூடாது என்ற கணக்கு எப்படிக் குறுகாமல் நிற்கிறது? நாங்கள் இந்தக் கையேட்டைக் கொடுத்தால், ‘எனக்குப் போதைக் கவனக்குறுக்கம் வந்துவிட்டது’ என்று அவனே எடுத்துச் சொல்வான். மன்னிப்புச் சீட்டு போன்ற சொல் எங்களுக்கு வேண்டாம்.

குன்னூர், மனநல மருத்துவர்

அம்மா, தங்கள் கேள்வி நியாயமானது. மேஸ்திரி எதிரில் நிற்கும்போது அச்சமும் எதிரிலேயே நிற்கிறது. குறுகிய வட்டத்துக்குள்ளும் அது விழுகிறது. வீட்டுக்குள் தடுக்கும் பொருள் எதுவும் கண்முன் இல்லை. மனைவி சொன்ன ஒரு சொல் மட்டும் இருக்கிறது. கொள்கை இதற்கு மேல் போகாது. குடிக்கும் எல்லோரும் வீட்டில் அடிப்பதில்லை. தெளிந்த நேரத்திலேயே சிடுசிடுப்பவரும், அடிப்பது தன் உரிமை என்று நினைப்பவரும்தான் பெரும்பாலும் அடிக்கிறார்கள். எப்போது என்பதைத்தான் குறுக்கம் விளக்குகிறது. யார் என்பதை அன்று. குறைந்த பட்சம், அழுதுகொண்டே சாகப் போகிறேன் என்பவரைப் போதைப் பேச்சு என்று ஒதுக்கிவிட்டுத் தூங்கப் போகக் கூடாது என்பதையாவது இந்த அத்தியாயம் சொல்லட்டும். பூச்சிமருந்துப் புட்டி வீட்டில் இருக்கும் ஊர் நம்முடையது. நாளை என்பது மங்கிப்போன அந்த ஒரு மணி நேரம்தான் அபாயமானது.

கோத்தகிரி, மகளிர் குழுப் பொறுப்பாளர்

மேஸ்திரியைப் பார்த்தால் வரும் அச்சம் மனைவியைப் பார்த்தால் ஏன் வருவதில்லை என்பதற்கு எதையும் குடிக்கத் தேவையில்லை, ஐயா. என் மறுப்பு அப்படியே இருக்கட்டும்.

உதகை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

களியைக் கைவிடுகிறேன், ராகியோடு போரிட எனக்குத் தெம்பில்லை. ஆனால் ‘குறுக்கம்’ என்ற சொல்லை மருத்துவர் அறிந்து எடுத்தாரோ அறியாமல் எடுத்தாரோ, அதன் பொருத்தம் என்னை நேற்றிரவு உறங்க விடவில்லை. மகரக்குறுக்கத்தை எண்ணிப் பாருங்கள். ‘போலும்’ என்பது செய்யுளில் ‘போன்ம்’ என்று நிற்கும்போது, மகரம் தன் அரை மாத்திரையிலிருந்து கால் மாத்திரையாகக் குறைகிறது. எழுத்து தன்னியல்பில் மாறவில்லை. அருகில் னகரம் நிற்பதால் குறைகிறது. மருத்துவர் சொன்ன மனிதரும் அப்படித்தானே? ஐகாரம் முதலில் வரும்போது ஓரளவும், இடையிலும் கடையிலும் வரும்போது வேறளவும் குறுகும் என்பதையும் சேர்த்து எண்ணினால், வாசலில் குறையாதவன் வீட்டுக்குள் குறைகிறான் என்பதற்குக்கூட இலக்கணம் கிடைக்கும்.

குறளிலும் தவறான பாட்டைத்தான் எடுத்துவிட்டேன். அடுத்த பாட்டே பொருந்துவது: ‘களித்தானைக் காரணம் காட்டுதல் கீழ்நீர்க் குளித்தானைத் தீத்துரீஇ யற்று.’ நீருக்குள் மூழ்கியவனைத் தீவட்டி பிடித்துத் தேடுவதைப் போன்றது, குடித்தவனுக்கு நியாயம் எடுத்துச் சொல்வது.

கூடலூர், கல்லூரி மாணவி

‘குறுக்கம்’ எனக்கும் சரி. ‘கவனக்’ என்பதை எடுத்துவிட்டால் ‘போதைக்குறுக்கம்’ போதை குறைவதைப் போல ஒலிக்கும். ஆகவே நீளமானாலும் முழுச்சொல்லே இருக்கட்டும்.

குன்னூர், மனநல மருத்துவர்

தீவட்டிக் குறளைக் கட்டாயம் சேருங்கள். வாதாடுவதைவிடக் கவனத்தை வேறொன்றின்மேல் திருப்புவது பயன் தருகிறது. 2007இல் வெளிவந்த ஆய்வொன்றில், குடித்தவர்களுக்குத் திரையில் ஓரளவு கவனம் கேட்கும் நினைவாற்றல் வேலை தந்தபோது முரட்டுத்தனம் குறைந்தது. வேலை மிகக் கடினமானபோது அந்தப் பயன் தேய்ந்தது. ஆனால் அது ஆய்வகம். வெறியோடு நிற்பவரின் கவனத்தைத் திருப்புவது மனைவியின் கடமை என்று யாரும் படித்துவிடக் கூடாது; அந்த நேரத்தில் வீட்டை விட்டு விலகிப் பக்கத்து வீட்டுக்குப் போவதே முதல் வேலை.

கோத்தகிரி, மொழிபெயர்ப்பாளர்

இன்று வியாழன் இரவு. ‘போதைக் கவனக்குறுக்கம்’ என்று வைத்துவிட்டேன். மூவர் சம்மதம், முன்னாள் மேற்பார்வையாளர் இன்னும் ரம்மோடு நிற்கிறார். பக்கத்து வீட்டு அம்மாவிடம் மீண்டும் படித்துக் காட்டினேன், “குடித்தால் எதிரில் இருப்பது மட்டும் பெரிதாகிறது என்கிறாய், அதற்கு இவ்வளவு நீளப் பெயரா?” என்றார். அவர் சொன்ன வாக்கியத்தையே அத்தியாயத்தின் தலைப்பாக்கி, கலைச்சொல்லை உள்ளே தள்ளிவிட்டேன்.

குழுப் பொறுப்பாளர் அம்மா ஒரு வாக்கியம் அனுப்பியிருக்கிறார்: ‘யாரை அடிப்பது என்று குறுக்கம் சொல்வதில்லை; அதை அடிப்பவரே முடிவு செய்கிறார்.’ டாக்டர் இதில் பாதிதான் சரி என்கிறார். இருபத்தேழாம் பக்கத்தின் அடியில் இரண்டு வரி இடம் இருக்கிறது. அச்சகம் காலை ஒன்பதரைக்குத் திறக்கும். மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள், இல்லையென்றால் அது அப்படியே போகிறது.